சாம்பல் நிற அட்டைக்கு என்ன பதில் எழுதினாய்?

கேள்வி: கோபியில் கல்லூரியில் படிக்கிறேன். ஜப்பானில் நாகானோ பக்கம் எனக்கு ஒரு பேனா தோழி. புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் சேர்த்து வாழ்த்துக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், கிமோனோ, சுமோ என்று பன்னிரண்டு கேள்விகளோடு. ஜாலியாக இருக்கணுமா, மரியாதையாகவா? போன மாதம் அவளிடமிருந்து ஒரு சாம்பல் நிற அட்டை வந்தது, பாட்டி தவறியதால் இந்த வருஷம் புத்தாண்டு வாழ்த்து அனுப்பவில்லையாம். பெர்சிமன் பழத்தை உரித்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாரே, அந்தப் பாட்டிதான். தொனியை மட்டும் சொல்லுங்கள்.

பதில்: தொனி கிடக்கட்டும் கண்ணு, அந்த அட்டைக்கு என்ன பதில் எழுதினாய்? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அது சும்மா வந்த தகவல் அட்டை இல்லை. ஜப்பானில் ஒரு வீட்டில் துக்கம் நடந்தால், டிசம்பர் தொடக்கத்துக்குள் தெரிந்தவர்களுக்கெல்லாம் இப்படி எழுதிவிடுவார்கள், பேர் 'மொச்சூ' அட்டை. நாங்கள் வாழ்த்து அனுப்பமாட்டோம் என்பதுதான் அதில் இருக்கும், ஆனால் பெறுகிறவர்களும் அந்த வீட்டுக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்பாமல் இருப்பதுதான் அங்கே வழக்கம். நம் பக்கம் மட்டும் என்ன? எழவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நோம்பி கிடையாது என்பது உனக்குத் தெரியாதா? பக்கத்து வீடாக இருந்தால் உன் அம்மா முதல் ஆளாகப் போய்த் துக்கம் கேட்டிருப்பார். கடல் தாண்டி இருப்பதால் அந்தக் கடமை இல்லாமல் போய்விடாது.

சரி, செய்ய வேண்டியது இது. எழுதி வைத்ததை அனுப்பாதே. ஜனவரி 7 கழிந்த பிறகு பிப்ரவரி 4 வாக்கில் வரை, குளிர் காலத்தில் நலம் விசாரிக்கும் 'கன்ச்சூ மிமாய்' என்று ஒரு கடித வழக்கம் அங்கே இருக்கிறது, துக்க வீட்டுக்கும் அதை அனுப்பலாம். பொங்கலும் அதற்குள்தான் வருகிறது. உன் கடிதம் அந்த நாட்களில் கிடைக்கிற மாதிரி தபாலில் சேர். பளபளக்கும் அட்டை வேண்டாம், வெறும் தாள் போதும், 'ஹாப்பி' என்ற சொல்லே வரக்கூடாது.

முதல் பத்தி பாட்டிக்கு. 'உன் அட்டை கிடைத்தது, பதில் எழுதத் தாமதித்துவிட்டேன், மன்னித்துக்கொள். குளிர் அதிகமாக இருக்கும், உன் அம்மா எப்படி இருக்கிறார்?' இவ்வளவு போதும், இதற்கு மேல் அலங்காரம் வேண்டாம். அப்புறம் உங்கள் வீட்டில் காப்புக் கட்டியதைச் சொல், பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் வேப்பிலையோடு சேர்த்துக் கட்டி வாசலில் செருகுவதை, அதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதோடு. அமுச்சியா, அப்பத்தாவா? அவரைப் பற்றியும் நாலு வரி எழுது.

கேள்வி ஒன்றே ஒன்று: 'இந்த வருஷம் பெர்சிமன் பழத்தை உரித்துக் கட்டியது யார்?' அதற்கு அவள் தன் வீட்டைப் பற்றித்தான் பதில் எழுத முடியும். கிமோனோவுக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கூட எழுதிவிடலாம். அந்தப் பன்னிரண்டும் பிறகு ஒவ்வொன்றாகப் போகட்டும், அவளிடமிருந்து பதில் வந்த பிறகு.