டாக்ஸி பில்லில் முதல் நான்கு கிலோமீட்டர்

கேள்வி: போன மாதம் பெங்களூரு சிட்டி ரயில் நிலையத்தில் இறங்கி, ஒரு டிராவல்ஸுக்கு போன் செய்து வேகன்ஆர் டாக்ஸி வரவழைத்து, இரவு 12.20க்குக் கிளம்பி குந்தலஹள்ளிப் பக்கம் போனேன். 18.6 கி.மீ. வழியில் மருந்துக் கடையில் 14 நிமிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பில்லில், குறைந்தபட்சக் கட்டணம் 100, கிலோமீட்டருக்கு 24 வீதம் 446.40, காத்திருப்பு 14, இரவுக் கட்டணம் 56.04, ஜி.எஸ்.டி. 30.82, மொத்தம் 647.26 என்று எழுதியிருக்கிறார்கள். விகிதமெல்லாம் அரசு விகிதம்தான் என்கிறார்கள். சரியான தொகைதானா?

பதில்: விகிதங்கள் சரிதான், கூட்டிய முறைதான் தவறு. நீங்கள் கொடுத்திருக்க வேண்டியது 529.66 ரூபாய். பில்லில் ஜி.எஸ்.டி. பதிவு எண் இல்லாவிட்டால் 504.44 ரூபாய் மட்டுமே.

கர்நாடகப் போக்குவரத்துத் துறை 2024 ஜனவரியில் நகர டாக்ஸிகளுக்கு அறிவித்த கட்டணத்தை வைத்தே உங்கள் பில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் வண்டியின் விலையைப் பொறுத்து மூன்று நிலைகள் உண்டு. 10 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள வண்டிக்கு முதல் 4 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 24 ரூபாய். 10 முதல் 15 லட்சம் வரையுள்ள வண்டிக்கு 115 ரூபாயும் 28 ரூபாயும். 15 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 130 ரூபாயும் 32 ரூபாயும். வேகன்ஆர் முதல் நிலையில்தான் வரும் என்பதால் 100, 24 என்ற இரண்டு எண்களிலும் குற்றம் சொல்ல இடமில்லை.

குறைந்தபட்சக் கட்டணம் என்பது வண்டியில் ஏறியதற்காகத் தனியாகக் கொடுக்கும் பணம் அல்ல. முதல் 4 கிலோமீட்டர் ஓடியதற்கான கூலி அது. ஆகவே 100 ரூபாயை எழுதிய பிறகு, மீதமுள்ள 14.6 கிலோமீட்டரைத்தான் 24 ஆல் பெருக்க வேண்டும்: 350.40. இரண்டும் சேர்ந்து 450.40 ரூபாய். உங்கள் பில்லிலோ 100 ரூபாயையும் வாங்கிக்கொண்டு, 18.6 கிலோமீட்டர் முழுவதையும் 24 ஆல் பெருக்கியிருக்கிறார்கள். முதல் 4 கிலோமீட்டருக்கு நீங்கள் இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் மட்டும் 96 ரூபாய் கூடிவிட்டது. கையால் எழுதும் பில்களில் நான் அதிகம் பார்க்கும் பிழையும் இதுதான். ஒவ்வொரு எண்ணும் அறிவிப்பில் உள்ளபடியே இருப்பதால், பார்ப்பவர் கண்ணுக்கு அது பிழையாகத் தெரிவதே இல்லை.

இதை வண்டியிலிருந்து இறங்கும் முன்பே மனக்கணக்காகச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. நான்கு கிலோமீட்டரை 24 ஆல் பெருக்கினால் 96. குறைந்தபட்சக் கட்டணம் 100. அதாவது, 4 கிலோமீட்டருக்கு மேல் போகும் எந்தப் பயணத்திலும், மொத்தத் தொலைவை 24 ஆல் பெருக்கி 4 ரூபாயைச் சேர்த்தால் சரியான கட்டணம் வந்துவிடும். உங்கள் பயணத்துக்கு 446.40, அதோடு 4, ஆக 450.40. இரண்டாம் நிலை வண்டிக்கு 28 ஆல் பெருக்கி 3 ரூபாயும், பெரிய வண்டிக்கு 32 ஆல் பெருக்கி 2 ரூபாயும் சேர்த்தால் போதும். முழுத் தொலைவையும் பெருக்கியதற்கு மேல் நூறு ரூபாய் கூடுதலாக எழுதப்பட்டிருந்தால், முதல் 4 கிலோமீட்டர் இருமுறை எண்ணப்பட்டுவிட்டது என்று பொருள்.

காத்திருப்புக் கட்டணத்தில் உள்ள பிழை சிறியது. முதல் 5 நிமிடத்துக்குக் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு நிமிடத்துக்கு 1 ரூபாய். 14 நிமிடத்தில் 5 போக 9 ரூபாய்தான் வரும். அந்த 14 நிமிடமும் சரிதானா என்பதை மருந்துக் கடை ரசீதில் அச்சான நேரத்தையோ, பணம் செலுத்தியதற்கான குறுஞ்செய்தியின் நேரத்தையோ வைத்து ஓரளவு ஒப்பிடலாம்.

இரவுக் கட்டணம் நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை 10 சதவீதம். தமிழ்நாட்டில் 2013இல் நிர்ணயித்த ஆட்டோ கட்டணத்தில் இரவு 11 முதல் காலை 5 வரை பாதிக் கட்டணம் கூடுதல் என்பதால், சென்னையிலிருந்து போகிறவர்கள் அதே நினைவில் இருந்து குழம்புவதுண்டு. நீங்கள் 12.20க்குக் கிளம்பியதால் பயணம் முழுவதும் இரவு நேரத்துக்குள் வருகிறது. இந்தக் கட்டணத்தை அவர்கள் கேட்டது நியாயமே. ஆனால் சரியான 450.40க்குப் பத்தில் ஒரு பங்கு 45.04 தான். காத்திருப்பையும் சேர்த்து 10 சதவீதம் போட்டாலும் 90 காசுதான் கூடும். அதற்காக வாதாட வேண்டியதில்லை. உங்களிடம் 56.04 வாங்கக் காரணம், முன்வரிகளில் ஏறிய தொகையின் மேல் சதவீதம் போட்டதுதான். கிலோமீட்டர் வரியில் கூடிய 96 ரூபாய், இரவுக் கட்டணத்தையும் ஜி.எஸ்.டி.யையும் தன்னோடு இழுத்துக்கொண்டு, கடைசியில் 110.88 ஆகிவிடுகிறது. எனவே பில்லைச் சரிபார்க்கும்போது சதவீதங்களிலிருந்து தொடங்காமல், எப்போதும் கிலோமீட்டர் வரியிலிருந்தே தொடங்குங்கள்.

இப்போது 450.40, 9, 45.04 மூன்றும் சேர்ந்து 504.44. இதன் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. 25.22. பில்லின் தலைப்பில் 15 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கர்நாடகத்தில் பதிவு செய்தவரின் எண் 29 என்று தொடங்கும். பதிவு செய்யாதவர் ஜி.எஸ்.டி. என்ற பெயரில் பணம் வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை. எண் இல்லாவிட்டால் அந்த வரியை முழுவதுமாக நீக்கச் சொல்லலாம்.

தொலைவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியூர்ப் பயணங்களில் வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்ப ஷெட்டுக்குப் போகும் வரை கிலோமீட்டர் கணக்கிடும் வழக்கம் டிராவல்ஸ்காரர்களிடம் உண்டு. நகரத்துக்குள் போகும் பயணத்துக்கு அது பொருந்தாது. நீங்கள் ஏறிய இடத்திலிருந்து இறங்கிய இடம் வரைதான் கணக்கு. உங்கள் கைபேசியின் வரைபடத்தில் அந்த இரவுப் பயணம் பதிவாகியிருந்தால் 18.6 உடன் ஒப்பிடுங்கள். அரை கிலோமீட்டர் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம், அது 12 ரூபாய்தான். மூன்று, நான்கு கிலோமீட்டர் கூடுதலாக இருந்தால், நிலையத்துக்கு வண்டி வந்த தூரத்தையும் உங்கள் கணக்கில் சேர்த்திருக்கக்கூடும் என்று சந்தேகிக்கலாம்.

டிராவல்ஸுக்குப் பேசும்போது, அதிகம் வாங்கிவிட்டீர்கள் என்று பொதுவாகச் சொன்னால் அரசு விகிதம் என்ற பதிலே மீண்டும் வரும். 'குறைந்தபட்சக் கட்டணத்தில் அடங்கிய முதல் 4 கிலோமீட்டரை மீண்டும் 24 ஆல் பெருக்கியிருக்கிறீர்கள், காத்திருப்பில் 5 நிமிடம் கழிக்கவில்லை. திருத்திய தொகை 529.66, எனக்குத் திரும்ப வேண்டியது 117.60' என்று பில்லின் படத்தோடு எழுதி அனுப்புங்கள். மறுத்தால், அதே கணக்கை வண்டியின் பதிவு எண், பயணத் தேதி, நேரம் ஆகியவற்றோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புகாராகக் கொடுக்கலாம். அசல் பில்லை உங்களிடமே வைத்துக்கொண்டு நகலை மட்டும் இணையுங்கள்.