பிடிஎஃப்பை கூகுள் டாக்ஸில் திறந்தால் எது போகும்?

கேள்வி: பிடிஎஃப் கோப்பை கூகுள் டாக்ஸில் திறந்தால் என்னென்ன போய்விடும்? அப்படித் திறப்பது எப்போது சரி?

எழுத்து பெரும்பாலும் வந்துவிடும், அமைப்புதான் போகும். பல பிடிஎஃப்களில் அட்டவணை என்று தனியாக எதுவும் பதிவாகியிருக்காது. இந்த எழுத்து தாளில் இந்த இடத்தில், இந்தக் கோடு அந்த இடத்தில் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். மற்றதை டாக்ஸ் ஊகிக்கிறது. அதனால் பொருள், அளவு, விலை என மூன்று நெடுவரிசைகளில் இருந்தது ஒரே வரிசையாகக் கொட்டிவிடும்; எந்த விலை எந்தப் பொருளுக்கு என்றே தெரியாது. அடிக்குறிப்புகளும் இப்படித்தான் கலையும். ஸ்கேன் செய்த பக்கமென்றால் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், 1 சில சமயம் 7 ஆகிவிடும்.

கடிதம், கட்டுரை மாதிரி தொடர் எழுத்தைத் திருத்த இந்த வழி நல்லது. மூலக் கோப்பு டிரைவில் அப்படியே இருக்கும். கையெழுத்திடவோ படிவம் நிரப்பவோ மட்டும் என்றால் இப்படி மாற்றாதீர்கள்.