சானிடைசர் போட்ட கைக்கும் வாந்திபேதி ஒட்டுமா?

டாக்டருங்க, காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டுல இருக்கோமுங்க. போன ஞாயித்துக்கிழமை ராத்திரி, ரெண்டாவது படிக்கிற பையனுக்கு வாந்தியும் பேதியும் ஆயிருச்சு. ஒவ்வொரு தடவையும் தொடச்சு எடுத்ததும் மறக்காம கைக்கு சானிடைசர் போட்டேனுங்க. அப்படியும் செவ்வாய்க்கிழமை காலையில மாமியாருக்கு வந்துச்சு, அன்னிக்கு ராத்திரியே எனக்கும் வந்துருச்சு. பாட்டில்ல 99.9 சதவீதக் கிருமியைக் கொல்லும்னு போட்டிருக்குது. சரக்கு போலியா, இல்ல எனக்குத்தான் போடத் தெரியலையா? சோப்புல கழுவுனாப் போதும்னு மாமியார் சொல்றாங்க.

உங்க மாமியார் சொன்னது சரிங்க. பாட்டில் போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நல்ல சரக்கை முறையாகப் போட்டிருந்தாலும் இந்த இடத்தில் அதை நம்ப முடியாது.

மலத்தைச் சோதித்துப் பார்க்காமல் இன்ன கிருமி என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வாந்தியில் தொடங்கி, ஒன்றரை நாள் இடைவெளியில் வீட்டில் அடுத்தடுத்த ஆளைப் பிடிக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நோரோ வைரஸ். உடலுக்குள் போன 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் அது வேலையைக் காட்டும். ஞாயிறு இரவிலிருந்து செவ்வாய் காலை வரை எண்ணிப் பாருங்கள், கணக்கு ஒத்துவரும்.

சானிடைசரில் வேலை செய்வது ஆல்கஹால். அது கிருமியை இரண்டு வழியில் அழிக்கிறது: கொழுப்பைக் கரைக்கும், புரதத்தைத் திரித்துவிடும். சளிக்காய்ச்சல் தரும் இன்ஃபுளூயன்சா வைரசுக்கும் கொரோனா வைரசுக்கும் வெளியே ஒரு கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் பட்டதும் அந்த உறை கரையும், வைரசின் கதை முடிந்தது. நோரோ வைரசுக்கு அந்த உறையே கிடையாது. இறுகப் பின்னிய புரதக் கூடு ஒன்றுதான் இருக்கிறது. நாம் கையில் தேய்க்கிற அரை நிமிடத்துக்குள் ஆல்கஹாலால் அதை முழுதாகச் சிதைக்க முடிவதில்லை. கொஞ்சம் குறையும், மிச்சம் உயிரோடு நிற்கும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரசும் இதே வகைதான்.

அந்த மிச்சம்தான் சிக்கல். 99.9 என்பது ஆய்வகத்தில் சில குறிப்பிட்ட கிருமிகளை வைத்துப் பார்த்த கணக்கு. எல்லாக் கிருமிக்கும் அது பொருந்தாது. அப்படியே பொருந்தியதாக வைத்துக்கொண்டாலும், பத்து லட்சம் கிருமியில் ஆயிரம் மிஞ்சும். நோரோ வைரஸ் ஓர் ஆளைப் படுக்க வைக்க நூறுகூட வேண்டாம். நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் அது கோடிக்கணக்கில் இருக்கும்.

இன்னொன்றும் நடந்திருக்கும். வாந்தியைத் துடைத்த கையில் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று ஒட்டியிருக்கும். பாலும் சோறும் சளியும் கலந்த அந்தப் படலத்துக்கு அடியில் இருக்கிற கிருமியை ஆல்கஹால் எட்டுவதே இல்லை. சானிடைசர் அழுக்கை எங்கேயும் கொண்டுபோவதில்லை. அழுக்கு கையிலேயே இருக்க, மேலே பூசிய ஆல்கஹால் ஆவியாகிப் போகிறது. துணியை அலசிவிட்டு ஈரக் கையோடு போட்டிருந்தால் இன்னும் மோசம். 70 சதவீத ஆல்கஹால் கையிலுள்ள தண்ணீரோடு கலந்தால், வேலை செய்யத் தேவையான 60 சதவீதத்துக்குக் கீழே போய்விடும்.

சோப்பு வேலை செய்யும் விதமே வேறு. அது நோரோ வைரசைக் கொல்வதில்லை, கொல்ல வேண்டியதும் இல்லை. எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் தோலிலிருந்து பிரித்து நுரைக்குள் வாங்கிக்கொள்ளும். கையை உரசுவது ஒட்டியதைப் பெயர்த்து எடுக்கும். ஓடுகிற தண்ணீர் மொத்தத்தையும் அடித்துக்கொண்டு போகும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் கழுவியது அரைகுறைதான். கிருமிநாசினிச் சோப்பு வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாங்க, சாதாரணக் குளியல் சோப்பே போதும். வெந்நீரும் தேவையில்லை.

தோட்டத்து வீடு என்பதால் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பொடக்காலியில் தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு கழுவுகிற வழக்கம் இருக்கும். அழுக்குக் கையால் சொம்பைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டு, மறுபடி அதே சொம்பைப் பிடித்தால் கழுவிய கையில் பழைய கிருமி திரும்ப ஏறிவிடும். சொம்பு தொட்டிக்குள் போகும்போது தண்ணீரும் கெடும். அதனால் வீட்டில் ஒருவருக்கு வாந்திபேதி இருக்கும் நாட்களில் குழாயடியில் கழுவுங்கள். குழாய் இல்லையென்றால் இன்னொருவரை ஊற்றச் சொல்லுங்கள். நுரைத்த கையாலேயே குழாய்த் திருகையும் சேர்த்துத் தேய்த்துவிட்டால், மூடும்போது பயமில்லை.

கழுவும் முறை இதுதான். முதலில் கையை நனையுங்கள். நுரை நன்றாக வரும்வரை சோப்பை உருட்டிவிட்டு, குறைந்தது 20 வினாடி தேய்க்க வேண்டும். உள்ளங்கையை மட்டும் உரசிவிட்டு எழுந்துவிடுகிறோம். தப்புவது புறங்கை, விரலிடுக்கு, பெருவிரலின் அடி, நகக்கண். வளையலையும் மோதிரத்தையும் மேலே தள்ளிவிட்டுத் தேயுங்கள். நகத்தை மறு உள்ளங்கையில் சுரண்டுகிற மாதிரி தேய்த்தால்தான் நகக்கண்ணுக்குள் நுரை போகும். பிறகு வழுவழுப்பு போகும்வரை அலசி, தனித் துண்டில் துடைக்க வேண்டும். அடுப்படியில் எல்லோருக்கும் பொதுவாகத் தொங்குகிற துண்டு இந்த வாரத்துக்கு ஆகாது.

காங்கேயம் பக்கம் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பாக இருக்கும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரியாகப் படியும். சோப்பின் பாதி அதற்கே செலவாகிவிடும், நுரை வராது. நுரை வராமல் தேய்த்த 20 வினாடி கணக்கில் சேராது. அந்தத் தண்ணீர்தான் என்றால் சோப்பை இன்னும் இரண்டு சுற்று உருட்டுங்கள். இல்லாவிட்டால் நீர்ம ஹேண்ட்வாஷ் வாங்குங்கள், அது உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். நல்ல தண்ணீர் கிடைத்தால் கை கழுவ ஒரு குடம் தனியாக ஒதுக்குவதும் வீணல்ல.

கை மட்டும் சுத்தமானால் போதாது. வாந்தி விழுந்த தரையும் கட்டிலும் கதவுப் பிடியும் கைக்குத் திரும்பத் திரும்பக் கிருமியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அங்கே சானிடைசரைத் தெளிப்பது வீண் செலவு. பழைய துணியால் வழித்து எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். அதன்பின் பிளீச்சிங் பவுடர்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டி. பிளாஸ்டிக் வாளியில் கலக்கி, தெளிய விட்டு, மேலே நிற்கிற நீரை மட்டும் எடுத்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். வழித்து எடுக்காமல் வாந்தியின் மேலேயே ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். பவுடர் திறந்து கிடந்து மணம் போயிருந்தால் அதில் சத்து இருக்காது. கலக்கியதை அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். கையுறை போட்டு, கதவு சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். கழிப்பறை கழுவுகிற ஆசிட்டோடு இதைச் சேர்க்கவே கூடாது. நச்சுப் புகை கிளம்பி மூச்சை அடைக்கும். உலோகச் சாமான்களை அரிக்கும் என்பதால் பத்து நிமிடம் கழித்துத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள்.

மூவருக்கும் இப்போது நின்றிருந்தாலும், நின்ற நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை யாரும் பிறருக்குச் சமைக்க வேண்டாம், பையனையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். அறிகுறி போன பிறகும் இரண்டு வாரம், சில நேரம் அதற்கு மேலும், மலத்தில் வைரஸ் வெளியேறும். அதனால் கழிப்பறை போய்வந்த பின்னும், சாப்பாட்டில் கை வைக்கும் முன்னும் சோப்பை விட்டுவிடக் கூடாது. மாமியாருக்கு இன்னும் போய்க்கொண்டிருந்து, சிறுநீர் குறைந்தாலோ எழுந்தால் தலை சுற்றினாலோ இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

சானிடைசருக்கு அசையாத கிருமிகள் இன்னும் உண்டு. பையன் இரவில் ஆசனவாயைச் சொறிகிறான் என்றால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். அதன் முட்டைக்குக் கெட்டியான தோல் உண்டு, ஆல்கஹால் உள்ளே போகாது. நகத்தை ஒட்ட வெட்டிக் காலையில் எழுந்ததும் சோப்பில் கழுவுவதுதான் வழி. அதேபோல், ஆன்டிபயாடிக் நிறையக் கொடுத்தபின் மருத்துவமனைகளில் பேதி கிளப்பும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியா, விதை போன்ற ஸ்போராக மாறி ஆல்கஹாலைத் தாங்கி நிற்கும். அந்த நோயாளியைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது வாசலில் மாட்டியிருக்கிற சானிடைசரோடு நிறுத்தாமல், குழாயைத் தேடிப் போய்க் கழுவுங்கள். தோட்டத்தில் மருந்தடித்த கைக்கும் இதே விதிதான். பூச்சிமருந்து கிருமி இல்லையே, ஆல்கஹால் அதைக் கொன்று தீர்ப்பதற்கு! கழுவித்தான் போக்க வேண்டும்.

அப்படியானால் பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாங்க. கை பார்வைக்குச் சுத்தமாக, உலர்ந்து இருந்து, பக்கத்தில் குழாய் இல்லாத இடங்களில் அது நல்ல பொருள். திருப்பூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள், சளிக்காய்ச்சலில் கிடக்கிற சொந்தக்காரரைப் பார்த்தீர்கள் என்றால் தாராளமாகப் போடலாம். பெரும்பாலான பாக்டீரியாவும் உறையுள்ள வைரசும் அதில் அடங்கும். வாங்கும்போது எத்தனாலோ ஐசோபுரோபைலோ 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். 99 சதவீதம் இருந்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். புரதத்தைத் திரிக்க ஆல்கஹாலுக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், அதனால்தான் 70 சதவீதத்தில் விற்கிறார்கள்.

ஒரு சொட்டு போதாது. உள்ளங்கைக் குழியில் மூன்று மில்லி, அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேலே, ஊற்றிக் கை முழுக்கப் பூசி, தானாக உலரும்வரை 20 முதல் 30 வினாடி தேய்க்க வேண்டும். பத்து வினாடியில் காய்ந்துவிட்டால் போட்டது குறைவு என்று அர்த்தம். சேலையில் துடைத்துவிடக் கூடாது. அடுப்படியில் நிற்கும்போது, கை முழுதாகக் காய்ந்த பிறகே தீக்குச்சியைத் தொடுங்கள். பாட்டிலைப் பையனுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.