சைவம் பேசும்போது பாலை என்ன செய்வது?

“பட்டிமன்றத்தில் சைவத்துக்காகப் பேசுகிறேன். ‘அப்போ பால் மட்டும் குடிக்கலாமா?’ என்று மடக்குகிறார்கள்.”

மழுப்ப வேண்டாம், ஒப்புக்கொண்டே ஆரம்பியுங்கள். மாடு கன்று ஈன்றால்தான் கறக்கும், பிறப்பதில் ஏறக்குறைய பாதி காளைக்கன்று, டிராக்டர் வந்தபின் அதற்கு உழவில் வேலை குறைந்துவிட்டதால் பல கன்றுகள் அடிமாட்டு லாரியில்தான் ஏறுகின்றன. ‘தீங்கே இல்லை’ என்று பேசினால் இங்கேயே விழுவீர்கள், ‘குறைவான தீங்கு’ என்றால் நிற்கலாம். சுற்றுச்சூழலிலும் அப்படித்தான்: கிலோவுக்குக் கிலோ சீஸ் மாட்டிறைச்சியைவிடத் தேவலை, கோழிக்கறியைவிட மோசம். சரி, பாலையும் விட்டால்? பி12 மாத்திரையோ அது சேர்த்த உணவோ வேண்டும், எதிரணி கட்டாயம் இதை எடுக்கும். மதம் என்று வந்தால் சமணத்தைச் சொல்லுங்கள்: கிழங்கைக்கூட விலக்கும் மரபு, பாலை ஏற்றது.