செத்துப்போகாத பெரியம்மா

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணத்தில் ஒரு லீசிங் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதங்கள் முடிந்துள்ளன. முகாமைத்துவ சேவைப் போட்டிப் பரீட்சைக்கு அனுமதி அட்டை வந்திருக்கிறது. பரீட்சை சனிக்கிழமை; எங்களுக்கு அன்றும் வேலை. நான் அரச வேலைக்கு முயல்வது முகாமையாளருக்குத் தெரியாது. காய்ச்சல் என்று சொல்லவா, உண்மையைச் சொல்லவா? நல்லூர்த் தேருக்கு ஒரு நாள் எடுத்துவிட்டேன், சம்பளத்தில் வெட்டுவார்களா?

வாசகி, கோண்டாவில்

அன்பான பிள்ளைக்கு,

சம்பளக் கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, முதலாம் வருடத்தில் பூர்த்தியான ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் சமயோசித லீவு சம்பளத்துடன் சேரும். உங்கள் ஐந்து மாதங்களுக்கு இரண்டு நாட்கள். ஒன்றைத் தேர் கொண்டுபோய்விட்டது, மற்றது மிச்சம்.

அதே சட்டம் இந்த லீவுக்கான காரணங்களைச் சொல்லும்போது சுகவீனத்துக்கு முன்னதாகவே சொந்த அலுவலைக் குறிப்பிடுகிறது. அப்படியிருக்க, நீங்கள் ஏன் காய்ச்சலை இரவல் வாங்குகிறீர்கள்? பரீட்சை மண்டப வாசலில் உங்களைக் காண்பவர்களில் ஒருவராவது முகாமையாளரின் மனைவிக்கு மச்சாளாக இருப்பார், இது யாழ்ப்பாணம்.

நானும் இளவயதில் பட்டணத்தில் ஒரு வியாபார நிலையத்தில் எழுதுவினைஞனாக இருந்தபோது, இப்படியான ஒரு பரீட்சைக்காக, பெரியம்மா இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி நல்ல மனிதர். மறுநாள் மலர்வளையத்துடன் எங்கள் ஒழுங்கைக்கு வந்து, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவிடமே செத்தவீடு எதுவென்று விசாரித்தார். அவர் விபரம் புரியாமல் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். முதலாளி குடித்துவிட்டுப் போனார். என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு வருடங்களின் பின் அப்பா உண்மையாகவே காலமானபோது, என் கடிதத்தை வைத்துக்கொண்டு, பார்த்துவரும்படி கடைப் பையனை அனுப்பினார். பறை அடித்துக்கொண்டிருந்த வீட்டு வாசலில் அந்தப் பையன் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியதை நான் கண்டேன். அந்த வயதில் எனக்கு யாராவது ஒரு குட்டு வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு நான் வைக்கிறேன்.

ஆகவே ஒரு கிழமைக்கு முன்னரே, 'சொந்த அலுவல் காரணமாக சனிக்கிழமை ஒரு நாள் சமயோசித லீவு வேண்டுகிறேன்' என்று ஒரே வரியில் எழுதி, அன்று முடிக்கவேண்டிய கோப்புகளை யார் பார்ப்பார் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். லீவுக்கு மறுப்பு வருவது பெரும்பாலும் காரணத்தினால் அல்ல, ஆளில்லாத மேசையினால்தான். என்ன அலுவல் என்று அவர் நேரே கேட்டால், ஒரு பரீட்சை என்று சொல்லி நிறுத்துங்கள். எதிர்காலத் திட்டம் முழுவதையும் ஒப்புவிக்க அது பாவமன்னிப்புக் கூண்டு அல்ல. இன்னும் கிடைக்காத வேலைக்காக இருக்கிற வேலையில் விடைபெறத் தேவையுமில்லை.

அனுமதி அட்டையில் உங்கள் கையொப்பத்தை உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். அதை அலுவலகத்தில் யாரிடமும் நீட்டாமல், ஊரிலுள்ள பாடசாலை அதிபரிடமோ சமாதான நீதவானிடமோ வெள்ளிக்கிழமைக்கு முன்னரே கொண்டுபோங்கள்.