ஊட்ட ஆயித்தா?

அன்புள்ள ஐயா,

பெங்களூருவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கேட்டால் கன்னடம் பாதி புரியும். போன வாரம் எங்கள் டீமில் ஹாசனிலிருந்து ஒரு பெண் சேர்ந்தார். மதியம் தனியாகவே சாப்பிடுகிறார். எங்களோடு சாப்பிட வரட்டும் என்று ஒரு மணிக்கு வாட்ஸப்பில் ‘ஊட்ட ஆயித்தா?’ என்று அனுப்பினேன். ‘ஆயித்து, நிம்து?’ என்று பதில் வந்தது, அவ்வளவுதான். நான் என்ன தப்பு செய்தேன்? என்ன எழுதியிருக்க வேண்டும்?

பெயர் வேண்டாம், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பியது நலம் விசாரிப்பு. நம் ஊரில் தெருவில் பார்க்கிறவரிடம் ‘சாப்டாச்சா?’ என்பதில்லையா, அதேதான். ‘ஆச்சு, உங்களுக்கு?’ என்று அவரும் முறையாகவே பதில் சொல்லிவிட்டார். கூப்பிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்காது.

கூப்பிட வேண்டுமென்றால் ‘பன்னி’ வேண்டும். பயப்படாதீர்கள், ‘வாங்க’ என்பதற்கான கன்னடச் சொல் அது. தமிழில் எழுதினால்தான் இந்தக் கோலம். முதலெழுத்தை பஸ்ஸின் ‘ப’ போலச் சொல்ல வேண்டும். தமிழில் வ-வில் தொடங்கும் பல சொற்கள் அங்கே இந்த ப-வுக்கு மாறிவிடும்: வாழை பாளெ ஆகும், வேண்டும் பேக்கு ஆகும். அப்படித்தான் வா என்பது பா. ஆனால் ஒருமையில் ‘பா’ என்று புதியவருக்கு எழுதிவிடாதீர்கள். பெங்களூரு வந்த முதல் வருடம் என்னைவிடப் பத்து வயது மூத்தவருக்கு ‘ஊட்டக்கெ பா’ என்று எழுதினேன். வந்தார், சாப்பிட்டார், சாப்பிட்டு முடிக்கும்வரை என்னோடு பேசவில்லை. உங்களைவிடச் சின்னவராகவே இருந்தாலும் அவரே ‘நீனு’ என்று இறங்கும்வரை நீவு, பன்னி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் ‘நாவு’. தமிழில் ‘நாம போறோம்’ என்றால் கேட்பவரும் அதில் உண்டு, ‘நாங்க போறோம்’ என்றால் இல்லை. இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் ‘நாவு’ ஒன்றுதான். ‘நாவு ஊட்டக்கெ ஹோக்தீவி’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால், ‘சரி, போயிட்டு வாங்க’ என்று நினைக்க அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. அவரையும் சேர்த்துக்கொள்வது அடுத்து வரும் ‘நீவூ’. நீவு என்பதன் கடைசியை நீட்டினால் நம் ‘நீங்களும்’ வந்துவிடும்.

ஆக, இப்படி அனுப்பலாம்:

‘நாவு நால்க்கு ஜன ஒந்து கண்டெகெ ஊட்டக்கெ ஹோக்தீவி. நீவூ பன்னி. டப்பி தந்தித்ரெ அதன்னூ தன்னி.’

நாங்கள் நாலு பேர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போகிறோம், நீங்களும் வாங்க, டப்பா கொண்டுவந்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாங்க. கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சேருங்கள். புதிதாக வந்தவர் பெரும்பாலும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவார். நீங்கள் கேன்டீனில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் என்றால், டப்பாவோடு வந்து உட்காரலாமா என்ற தயக்கத்திலேயே வராமல் இருந்துவிடுவார். நேரத்தைச் சொல்வதும் அதனால்தான். அதோடு, மெசேஜை ஒரு மணிக்கு அனுப்பாதீர்கள். பன்னிரண்டரைக்காவது அனுப்புங்கள். போன தடவை அவர் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டார்.

இந்தத் ‘தன்னி’ என்னை ஒருமுறை கவிழ்த்த சொல். கன்னடத்தில் தரு என்றால் கொண்டுவருவது. கொடுப்பதற்கு கொடு இருக்கிறது. ‘டப்பி தன்னி’ என்று நண்பர் கூப்பிட்டபோது நான் டப்பாவை மேஜையிலேயே வைத்துவிட்டு பாட்டில் நிறையத் தண்ணீரோடு போய் நின்றேன்.

இரண்டு மூன்று நாள் சேர்ந்து சாப்பிட்ட பிறகு இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ‘ஊட்டக்கெ ஹோகோண்வா?’ போதும். சாப்பிடப் போவோமா என்று அர்த்தம். நம் ‘போ’ அங்கே ‘ஹோகு’. பால் ஹாலு ஆனதுபோல. ஹோகோண என்றாலே இருவரும் சேர்ந்துதான் என்பதால் ‘நாவு’ தொல்லையும் இல்லை. முதல் நாளே இதை அனுப்பினால் இரண்டு பேர் மட்டும் போவதுபோலக் கேட்கலாம், அதனால்தான் ‘நால்க்கு ஜன’வை முன்னால் வைத்தேன்.

பதிலாக ‘பரவாகில்ல, நீவு ஹோகி’ என்று வந்தால் மறுக்கிறார் என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். ‘நாளெ பர்த்தீனி’ என்றால் நாளை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஒருவேளை மறுபடியும் ‘ஆயித்து’ என்றே பதில் வந்தால் குழம்ப வேண்டாம். ‘பன்னி’க்குப் பிறகு வரும் ‘ஆயித்து’க்கு சாப்பிட்டாச்சு என்று பொருளில்லை, ‘சரி’ என்று பொருள். ஐந்தாவது நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.