ஒரே கிராஃப், மூன்று டிஎஃப்எஸ் விடைகள்: எதற்கு மதிப்பெண்?

கேள்வி: அல்காரிதம் உள்தேர்வில் ஏழு நோடு உள்ள கிராஃப் கொடுத்தார்கள். எட்ஜுகள்: 1-2, 1-3, 1-4, 2-4, 3-6, 4-5, 4-7, 5-6. நோடு 1-இல் தொடங்கி, சிறிய எண்ணை முதலில் எடுத்து, பிஎஃப்எஸ், டிஎஃப்எஸ் வரிசை எழுதச் சொன்னார்கள். பிஎஃப்எஸ்-க்கு 1 2 3 4 5 6 7 என்று எழுதினேன். டிஎஃப்எஸ்-க்கு ஸ்டாக் போட்டு 1 2 3 6 5 4 7 என்று எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டார்கள். நண்பனும் ஸ்டாக்தான் போட்டான், அவனுக்கு 1 4 7 5 6 3 2 வந்தது, பாதி மதிப்பெண் கிடைத்தது. ரிகர்ஷனில் செய்தவர்களுக்கு 1 2 4 5 6 3 7, முழு மதிப்பெண். எல்லாமே டிஎஃப்எஸ் தானே?

பதில்: இல்லை. நண்பன் எழுதியது டிஎஃப்எஸ்தான், கேள்வியில் சொன்ன "சிறிய எண் முதலில்" என்பதை மட்டும் மீறியிருக்கிறது. நீங்கள் எழுதியது எந்த விதியில் பார்த்தாலும் டிஎஃப்எஸ் ஆகாது. பாதி மதிப்பெண்ணும் பூஜ்யமும் விழுந்த காரணம் அதுதான். என்னிடம் அந்தத் தாள் வந்திருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

முதலில் கிராஃபைப் படமாகப் பார்த்துக்கொண்டே விடை எழுதும் பழக்கத்தை விடுங்கள். படத்தில் கண் பக்கத்தில் இருக்கும் நோடுக்குத் தாவிவிடும். தாளின் ஓரத்தில் அட்ஜசென்சி லிஸ்டை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

```
1: 2 3 4
2: 1 4
3: 1 6
4: 1 2 5 7
5: 4 6
6: 3 5
7: 4
```

வலப்பக்கம் உள்ள எண்களை எண்ணினால் பதினாறு வர வேண்டும். எட்டு எட்ஜ், ஒவ்வொன்றும் இரண்டு முனையிலும் ஒரு தடவை. பதினைந்து வந்தால் ஏதோ ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பத்து வினாடி வேலை இது, விட்டுப்போன ஓர் எட்ஜால் முழுக் கணக்கும் கெடாமல் காப்பாற்றும்.

இனி டிஎஃப்எஸ். அதன் விதி ஒன்றே ஒன்று: கடைசியாகப் போய்ச் சேர்ந்த நோடுகளில், இன்னும் பார்க்காத அண்டை நோடு எதற்கு இருக்கிறதோ, அங்கிருந்துதான் அடுத்த அடி வைக்க வேண்டும். 1-இலிருந்து 2-க்குப் போகிறோம். 2-க்கு அண்டை 1, 4. 1 பார்த்தாயிற்று, 4 பார்க்கவில்லை. ஆகவே 4-க்குப் போயே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. உங்கள் விடையில் 2-க்குப் பிறகு 3 வருகிறது. 2-க்கும் 3-க்கும் எட்ஜே இல்லை. 2-இலிருந்து திரும்பி 1-க்கு வந்து 3-க்குப் போனதாகச் சொல்லலாம் என்றால், 2-க்குப் பக்கத்தில் 4 பார்க்கப்படாமல் நிற்கும்போது திரும்பி வர அனுமதி இல்லை. மூன்றாவது எண்ணிலேயே விடை விழுந்துவிட்டது.

அப்படியானால் ஸ்டாக் போட்டும் ஏன் தப்பானது? நீங்கள் செய்த வேலையை வரிசையைப் பார்த்தே சொல்லிவிட முடிகிறது. ஒரு நோடை ஸ்டாக்கில் தள்ளும்போதே "பார்த்தாயிற்று" என்று குறி போட்டிருக்கிறீர்கள். 1-ஐ எடுத்ததும் 4, 3, 2 மூன்றையும் தள்ளி மூன்றுக்கும் டிக் அடித்தீர்கள். 2 மேலே வந்தபோது அதன் அண்டையான 4-க்கு ஏற்கெனவே டிக் இருந்தது, அதனால் 2-இலிருந்து போக இடமில்லை என்று தோன்றியது. ஆனால் 4 அப்போது ஸ்டாக்கின் அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவே இல்லை.

இந்தப் பழக்கம் பிஎஃப்எஸ்-இலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது. அங்கே கியூவில் போடும்போதே குறி போடுவதுதான் முறை. வெளியே எடுக்கும்போது போட்டாலும் வரிசை மாறாது, ஒரே நோடு கியூவில் இரண்டு மூன்று தடவை நிற்கும், அவ்வளவுதான். முதலில் நுழைந்தது முதலில் வெளியே வருவதால், பிறகு நுழைந்த நகலால் எதையும் மாற்ற முடியாது. ஸ்டாக்கில் கதை நேர் எதிர். கடைசியில் நுழைந்த நகல்தான் முதலில் வரும், வரவும் வேண்டும். 2-ஐப் பார்க்கும்போது 4-ஐ இரண்டாம் தடவையாகத் தள்ளினால்தான் அது மேலே வரும். "பிஎஃப்எஸ் நிரலில் கியூவை எடுத்துவிட்டு ஸ்டாக் வைத்தால் டிஎஃப்எஸ்" என்று வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். குறி போடும் இடத்தையும் மாற்ற வேண்டும் என்பது அந்த ஒரு வரியில் விடுபட்டுவிடுகிறது.

சரியான வடிவம் இது. ஸ்டாக்கிலிருந்து எடுத்த பிறகுதான் குறி:

```python
def dfs(g, s):
    seen, stack, order = set(), [s], []
    while stack:
        u = stack.pop()
        if u in seen:
            continue
        seen.add(u)
        order.append(u)
        for v in reversed(g[u]):
            if v not in seen:
                stack.append(v)
    return order
```

இதில் `reversed` இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் நண்பன் தவறவிட்டது அதைத்தான். அவன் 2, 3, 4 என்று சிறியதிலிருந்து தள்ளினான், 4 மேலே வந்து நின்றது, முதலில் 4 வெளியே வந்தது. ஸ்டாக்கில் கடைசியாகத் தள்ளியதுதான் முதலில் வரும் என்பதால், சிறிய எண் முதலில் வர வேண்டுமானால் பெரிய எண்ணிலிருந்து தள்ள வேண்டும். அவனுடைய 1 4 7 5 6 3 2 என்பது "பெரிய எண் முதலில்" என்று கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கும் விடை. ரிகர்ஷனில் பெரிய எண்ணை முதலில் எடுத்துச் செய்து பாருங்கள், அதுவேதான் வரும்.

ஒரு வேடிக்கை: உங்களைப் போலத் தள்ளும்போதே குறி போட்டு, அவனைப் போலச் சிறியதிலிருந்து தள்ளினாலும் இந்தக் கிராஃபில் அவன் விடையேதான் வருகிறது. நண்பனும் உங்கள் தப்பைச் செய்திருக்கலாம், கிராஃப் அவனைக் காப்பாற்றியிருக்கலாம். இந்தப் பிழை எல்லாக் கணக்கிலும் வெளியே தெரியாது. வீட்டில் போட்ட நான்கு பயிற்சிக் கணக்கு சரியாக வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு தேர்வுக்குப் போகிறவர்கள் மாட்டுவது இதனால்தான்.

தாளில் ஸ்டாக் நிலையைக் காட்டி எழுதினால், நடுவில் ஓர் எண் தவறினாலும் திருத்துபவருக்கு உங்கள் வழி தெரியும். அடி இடப்பக்கம், மேல் வலப்பக்கம் என்று குறிப்பிட்டுவிட்டு இப்படி எழுதுங்கள்:

```
எடுத்தது    பிறகு ஸ்டாக்
1           4 3 2
2           4 3 4
4           4 3 7 5
5           4 3 7 6
6           4 3 7 3
3           4 3 7
7           4 3
```

மீதமுள்ள 3, 4 வெளியே வரும்போது ஏற்கெனவே பார்த்தவை, விட்டுவிடலாம். விடை 1 2 4 5 6 3 7, ரிகர்ஷன் தரும் அதே வரிசை. இரண்டாம் வரியில் 4 இரண்டு தடவை நிற்பதைப் பார்த்துப் பயந்து ஒன்றை அடித்துவிடாதீர்கள். 3-க்குப் பிறகு 7 வருவதும் சரியே: 3, 6, 5 மூன்றுக்கும் போக இடமில்லை, திரும்பி 4 வரை வந்தால் அங்கே 7 காத்திருக்கிறது. பல மாணவர்கள் 7-ஐ எழுதும்போது "3-க்கும் 7-க்கும் எட்ஜ் இல்லையே" என்று தயங்குகிறார்கள். டிஎஃப்எஸ் வரிசையில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே எட்ஜ் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. திரும்பி வரும் இடங்களில் இருக்காது.

உங்கள் பிஎஃப்எஸ் விடைக்கு வருவோம். அதில் பிழை சின்னது, ஆனால் எல்லாரும் செய்வது. 1-இலிருந்து ஓர் எட்ஜ் தூரத்தில் 2, 3, 4. இரண்டு எட்ஜ் தூரத்தில் 5, 6, 7. அந்த மூன்றையும் நீங்கள் எண் வரிசையில் அடுக்கிவிட்டீர்கள். "சிறிய எண் முதலில்" என்பது ஒரே நோடின் அண்டைகளுக்குள்தான் செல்லும், முழு மட்டத்துக்கும் செல்லாது. கியூவை ஓட்டினால் தெரியும்: 1 வெளியே வந்ததும் கியூவில் 2 3 4. 2 வெளியே, புதிதாக ஒன்றும் இல்லை. 3 வெளியே, 6 உள்ளே. 4 வெளியே, 5, 7 உள்ளே. கியூவில் இப்போது 6 5 7. ஆக விடை 1 2 3 4 6 5 7. 6-ஐக் கண்டுபிடித்தது 3, 5-ஐக் கண்டுபிடித்தது 4. 3 முந்திக்கொண்டதால் 6-உம் முந்திக்கொள்கிறது.

கேட் போன்ற தேர்வுகளில் வேறு மாதிரி கேட்பார்கள்: நான்கு வரிசை கொடுத்து, எது சாத்தியமான பிஎஃப்எஸ் வரிசை, எது சாத்தியமில்லை என்று. அங்கே எண் விதி எதுவும் இருக்காது, எந்த அண்டையையும் முதலில் எடுக்கலாம். நான்கையும் கியூ போட்டு ஓட்ட நேரம் போதாது. வரிசையில் ஒவ்வொரு நோடுக்கும் அதன் அண்டைகளில் முதலில் வந்தது எது என்று பாருங்கள், அதுதான் அதைக் கண்டுபிடித்த நோடு. கண்டுபிடித்த நோடுகள் வரிசையில் முன்னோக்கியே போக வேண்டும், பின்னால் திரும்பக் கூடாது. 1 4 3 2 5 7 6 என்று ஒன்று கொடுத்தால்: 4, 3, 2-ஐக் கண்டது 1, 5-ஐயும் 7-ஐயும் கண்டது 4, 6-ஐக் கண்டது 3. 1, 4, 3 என்று முன்னோக்கியே போகிறது, செல்லும். உங்கள் 1 2 3 4 5 6 7-இல் 5-ஐக் கண்டது 4, அடுத்து வரும் 6-ஐக் கண்டது 3. 4-க்குப் பிறகு 3-க்குத் திரும்புகிறது, செல்லாது. தூர மட்டங்கள் சரியாக இருந்தும் செல்லாது.

டிஎஃப்எஸ் வரிசையைச் சோதிக்க, ஒவ்வோர் எண்ணிலும் "இதற்குப் பார்க்காத அண்டை உண்டா" என்று மட்டும் கேளுங்கள். உண்டென்றால் அடுத்த எண் அந்த அண்டைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வந்த வழியே ஒவ்வொரு படியாகத் திரும்பி அதே கேள்வி. 1 3 6 5 2 4 7 என்று கொடுத்தால், 5-இல் நிற்கும்போது 4 பார்க்காமல் இருக்கிறது, ஆனால் அடுத்து 2 வருகிறது. அங்கேயே அடித்துவிட்டு அடுத்த விடைக்குப் போகலாம்.